செய்துவிட்டு விற்பதா, விற்றுவிட்டுச் செய்வதா? ஒரு முந்திரிக்கொத்துக் கணக்கு

எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு ஆடி மாதம் ஏழு பாக்கெட் முந்திரிக்கொத்து பல நாளாக அப்படியே உட்கார்ந்திருந்தது. கடைசியில் ஒன்றைப் பிரித்து மோந்து பார்த்தேன். கெட்டுப்போகவில்லை, ஆனால் தேங்காயில் லேசாகக் காறல் வாடை தட்டிவிட்டது. விற்க மனசு வரவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சந்தோஷமாகத் தின்றார்கள். அன்றைக்கு நோட்டில் எழுதிப் பார்த்த கணக்குதான் இந்தக் கட்டுரைக்கு மூலம்.

நாங்கள் அம்பாசமுத்திரத்தில் வீட்டிலேயே பலகாரம் செய்து, இன்ஸ்டாகிராம் பக்கம் வழியாக விற்கிறோம். வாங்குகிறவர்களில் பாதிப் பேர் நம்ம ஊரை விட்டுப் போய்ச் சென்னையிலும் பெங்களூரிலும் இருப்பவர்கள். முந்திரிக்கொத்து என்றால் நெல்லை, குமரிப் பக்கத்தாருக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக ஒரு வரி. வறுத்து உடைத்த சிறுபயற்று மாவு, கருப்பட்டிப் பாகு, வறுத்த தேங்காய்த் துருவல், எள், ஏலம், சுக்கு எல்லாம் சேர்த்து உருட்டி, மாவுக் கரைசலில் முக்கி, மும்மூன்றாக ஒட்டிக்கொள்ளும்படி எண்ணெயில் போட்டு எடுப்பது. முந்திரிப்பருப்புக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. கொத்தாக இருப்பதால் அந்தப் பெயர்.

இதை விற்க எங்கள் முன் மூன்று வழி இருந்தது. முதலாவது, செய்து பாக்கெட் போட்டு, படம் எடுத்துப் பக்கத்தில் போட்டு விற்பது. இரண்டாவது, ஒரு தேதி வரை வருகிற ஆர்டர் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, வந்த அளவுக்குச் செய்வது. மூன்றாவது, இத்தனை பாக்கெட்தான் என்று முன்கூட்டியே சொல்லி, அந்த எண்ணிக்கை நிறைந்ததும் கதவைச் சாத்திவிட்டுச் செய்வது. மூன்றையும் செய்து பார்த்தாயிற்று. எது எப்போது சரி என்பதை எங்கள் எண்களோடு சொல்கிறேன். உங்கள் பண்டம் வேறாக இருந்தால் எண்ணை மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

முதலில் ஒரு நாள் வேலையின் அளவு. நானும் உதவிக்கு வரும் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு நாளில் நான்கு கிலோ பயறுக்குத்தான் செய்ய முடியும். அடுப்போ எண்ணெய்ச் சட்டியோ எங்களைத் தடுப்பதில்லை. உருட்டுகிற கைதான் தடுக்கிறது. பாகு ஊற்றிப் பிசைந்த மாவு சூடு ஆறுவதற்குள் உருட்டி ஆக வேண்டும். ஆறிவிட்டால் உதிரும், உதிர்ந்த உருண்டை எண்ணெயில் மேல்மாவு விரிந்து உள்ளே இருப்பதைக் கக்கிவிடும், அத்தோடு அந்த எண்ணெயும் கருகும். எனவே ஒரு நேரத்தில் ஒரு கிலோவுக்கு மேல் பிசைவதில்லை. கிலோ பயறுக்கு முக்கால் கிலோ கருப்பட்டி போட்டால் முடிவில் ஏறக்குறைய இரண்டே கால் கிலோ பலகாரம் கிடைக்கும். நான்கு கிலோவுக்கு ஒன்பது கிலோ, அதாவது பதினெட்டு அரை கிலோ பாக்கெட்.

சாமான், எரிவாயு, டப்பா எல்லாம் சேர்த்துப் பாக்கெட்டுக்கு 170 ரூபாய். இரண்டு பேர் கூலி நாளுக்கு 1,000. ஆக, பதினெட்டு பாக்கெட்டுக்குச் செலவு 4,060 ரூபாய். விற்பது 320 ரூபாய்க்கு, கூரியர் தனி. எல்லாம் விற்றால் 1,700 மிச்சம். என் கூலி அதற்குள்தான் இருக்கிறது.

முதல் வழியில் இந்தக் கணக்கு என்ன ஆகிறது என்று பாருங்கள். போட்ட காசைத் திருப்பி எடுக்கவே பதின்மூன்று பாக்கெட் விற்க வேண்டும். நான்கு தங்கினால் 1,700 ரூபாய் 420 ஆகிவிடுகிறது. அந்த ஆடி மாதம் ஏழு தங்கியது. 540 ரூபாய் கைநஷ்டம். ஒரு பாக்கெட் தங்கினால் ஒரு பாக்கெட் லாபம்தானே போகிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படியில்லை. விற்ற பாக்கெட் ஒன்று தருவது தொண்ணூற்றைந்து ரூபாய் சுமார், தங்கிய பாக்கெட் ஒன்று விழுங்குவது இருநூற்று இருபத்தைந்து. தங்கிய ஒன்றுக்கு, விற்ற இரண்டுக்கு மேல் பலி.

விலையைக் குறைத்துத் தள்ளிவிடலாமே என்பார்கள். செய்தோம். "கடைசி 5 பாக்கெட், 250 ரூபாய்" என்று ஒரு ஸ்டோரி போட்டேன், போய்விட்டது. ஆனால் அடுத்த மாதம் வழக்கமாக வாங்குகிற இரண்டு பேர் உடனே வாங்காமல் அந்தக் கடைசி ஐந்துக்காகக் காத்திருந்தார்கள். ஒருவர் மறைக்காமல் கேட்டும்விட்டார், "எக்கா, எப்ப குறைப்பீங்க?" என்று. அதோடு அந்தப் பழக்கத்தை விட்டேன்.

எங்களிடம் முதல் வழிக்குப் பொருந்துகிற சாமான்களும் உண்டு. சுக்குக்காப்பிப் பொடியும் வடகமும் செய்து வைத்தே விற்கிறோம். ஆற்றுக்கு அந்தக் கரையில் கல்லிடைக்குறிச்சி அப்பளக்காரர்கள் வெயில் இருக்கும்போது போட்டுக் காயவைத்து அடுக்கி வைப்பதும் இந்தக் கணக்குத்தான். அங்கே ஆர்டரை விட வெயில் முக்கியம். மாதக்கணக்கில் தாங்குகிற பண்டம் தங்கினால் பணம் முடங்கும், அவ்வளவுதான், பண்டம் சாகாது. முந்திரிக்கொத்துக்கு நான் லேபிளில் போடுவது பன்னிரண்டு நாள்.

சரி, இரண்டாவது வழி. இதில் எதுவும் தங்காது என்பது உண்மை. ஆனால் வேறொன்று நடக்கும். முதல் தடவை "ஞாயிறு வரை ஆர்டர் எடுக்கிறோம்" என்று போட்டேன். பதிவின் கீழே முப்பத்தொரு பேர் "வேணும்" என்று எழுதினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. மதினிதான் சொன்னாள், "கேட்டவ எல்லாம் வாங்குதவளா? அட்ரஸ் கேட்டுப் பாரு." கேட்டேன், பத்தொன்பது பேர் கொடுத்தார்கள். பணம் போட்டது பன்னிரண்டு பேர். முப்பத்தொன்று என்று நம்பிக் கருப்பட்டி வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்! "வேணும்" என்பது விசாரிப்பு. பணம் வந்தால்தான் ஆர்டர்.

அடுத்த தடவை முழுப்பணம் முன்கூட்டியே என்றேன், அதற்கு எதிர்மாறாக ஆனது. ஒரு கல்யாண வீட்டுக்காரர் ஒருவரே இருபது கேட்டார். மொத்தம் நாற்பத்தாறு பாக்கெட்டுக்குப் பணம் வந்து நிற்கிறது. நாளுக்குப் பதினெட்டு என்றால் மூன்று நாள் வேலை. இரண்டாம் நாளே உதவிக்கு வருகிறவளுக்கு வீட்டில் வேலை, வரவில்லை. ராத்திரி பத்து மணி வரை உருட்டினோம். கடைசி நாள் சுட்டதை முழுதும் ஆறவிடாமல் டப்பாவில் அடைத்தேன். அந்தத் தப்பு தெரிய நான்கு நாள் ஆயிற்று: மூடியின் உட்புறம் வியர்த்து, சொட்டிய இடத்தில் பூஞ்சை. மூன்று பேர் படம் அனுப்பினார்கள். மூன்று பேருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், மற்றவர்கள் சொல்லவில்லை என்றால் அவர்களுக்கு நன்றாக இருந்தது என்று அர்த்தமா, சொல்ல மனமில்லை என்று அர்த்தமா, இன்றுவரை தெரியாது. பண்டம் தங்குவதற்குப் பதில் கடன் தங்குகிறது இந்த வழியில். வாங்கிய முன்பணம் என்பது பாக்கெட் போய்ச் சேரும்வரை நாம் பட்ட கடன்தான்.

இப்போது நாங்கள் செய்வது மூன்றாவது வழி. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, ஒவ்வொரு தடவையும் பதினேழு பாக்கெட். பதினெட்டாவது பாக்கெட்டை விற்பதில்லை. கூரியரில் நொறுங்கினால், யாருக்காவது குறை என்றால் மாற்றி அனுப்ப அது வேண்டும். ஒன்றும் நடக்கவில்லை என்றால் உதவிக்கு வந்தவர்கள் வீட்டுக்குப் போகும். பதினேழு விற்றால் மிச்சம் 1,380. எல்லாம் விற்றால் வருகிற 1,700-ஐ விடக் குறைவு, ஆனால் இந்த 1,380 சனிக்கிழமை அடுப்பு பற்ற வைக்கும் முன்பே தெரிந்த தொகை.

பதிவு இப்படி இருக்கும்:

"கருப்பட்டி முந்திரிக்கொத்து, 17 பாக்கெட் மட்டும். அரை கிலோ 320 ரூபாய், கூரியர் தனி. ஒருவருக்கு அதிகம் 3. ஆர்டர் புதன் இரவு 9 மணி வரை அல்லது நிறையும் வரை. சனிக்கிழமை செய்கிறோம், திங்கள் காலை அனுப்புகிறோம். செய்த நாளிலிருந்து 12 நாள் இருக்கும். ஆர்டர் வாட்ஸ்அப்பில் மட்டும். புதன் 9 மணி வரை வேண்டாம் என்றால் முழுப்பணம் திரும்பும். அதன்பின் மாற்ற முடியாது."

ஒவ்வொரு வரிக்கும் ஒரு அடி வாங்கியிருக்கிறேன். புதன் இரவு என்பது வியாழக்கிழமை பயறு வறுக்க வேண்டும் என்பதால். வறுத்து உடைத்துவிட்டால் அதை வேறெதாகவும் விற்க முடியாது. வறுக்காத பயறும் வாங்கி வைத்த கருப்பட்டியும் அடுத்த தடவைக்கு நிற்கும், அதனால்தான் அதுவரை ரத்து செய்ய விடுகிறேன். திங்கள் என்பது, சனிக்கிழமை சுட்டது ஒரு ராத்திரி முழுக்க விரித்து ஆறட்டும் என்பதற்கும், ஞாயிற்றுக்கிழமை கூரியர்க் கிட்டங்கியில் பெட்டி சும்மா கிடக்க வேண்டாம் என்பதற்கும். மூன்றுக்கு மேல் இல்லை என்பது அந்தக் கல்யாண வீட்டுக்காரருக்காக. மொத்தமாக வேண்டியவர்களுக்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்கிச் செய்து கொடுக்கிறோம். அதை இந்தப் பதினேழோடு கலப்பதில்லை.

வாட்ஸ்அப்பில் மட்டும் என்பதுதான் ரொம்பத் தாமதமாகப் புரிந்தது. ஆரம்பத்தில் இன்ஸ்டாகிராம் செய்தியிலும் எடுத்தேன், வாட்ஸ்அப்பிலும் எடுத்தேன், தெரிந்தவர்கள் போனிலும் சொன்னார்கள். ஒரு தடவை பதினேழுக்கு இருபது பாக்கெட் பணம் வாங்கிவிட்டேன். இரண்டு இடத்தில் நம்பர் கொடுத்தால் இரண்டு இடத்திலும் பதினாறாம் நம்பர் இருக்கும். இப்போது ஒரே வாசல். முதலில் ஆள் எழுதுவார், நான் நோட்டில் பென்சிலால் அவர் பெயரை அடுத்த நம்பரில் எழுதிவிட்டுத்தான் பணம் அனுப்ப வேண்டிய கியூஆர் படத்தை அனுப்புவேன். பதிவிலேயே கியூஆரைப் போட்டால் நிறைந்த பிறகும் ஆட்கள் பணம் அனுப்பிக்கொண்டே இருப்பார்கள், திருப்பி அனுப்புவது தனி வேலை. இரண்டு மணி நேரத்துக்குள் பணம் வராவிட்டால் பென்சில் பெயரை அழித்து அடுத்தவருக்குக் கொடுப்பேன். வந்ததும் பேனாவால் எழுதுவேன். வாட்ஸ்அப் பிசினஸில் `Pending payment`, `Paid` என்று லேபிள்கள் இருக்கின்றன, அவற்றையும் போடுகிறேன். ஆனால் நோட்டுத்தான் மூலம். போனில் பதினாறு, நோட்டில் பதினேழு என்றால் நோட்டைத்தான் நம்புவேன்.

பணம் வந்தது என்பதற்கு ஸ்கிரீன்ஷாட் சாட்சி இல்லை. ஒருவர் போன வாரத்து ஸ்கிரீன்ஷாட்டையே மறுபடி அனுப்பினார். தெரியாமல் அனுப்பினாரா தெரிந்து அனுப்பினாரா என்று நான் கேட்கவில்லை. வங்கி ஆப்பைத் திறந்து தொகை ஏறியிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் பேனா.

முழு முன்பணமா, பாதியா என்பது அடிக்கடி வரும் கேள்வி. பாதி வாங்கிப் பார்த்தோம். மீதியை வசூலிக்கத் திங்கள் காலை பதினேழு பேருக்குச் செய்தி போட வேண்டியிருந்தது, அதில் இரண்டு பேர் மதியம்வரை பார்க்கவில்லை, அவர்கள் பெட்டி செவ்வாய்க்குப் போயிற்று. சின்னத் தொகைக்குப் பாதி முன்பணம் என்பது இரட்டை வேலை. ஆயிரக்கணக்கில் விலையுள்ள பொருளுக்கு, செய்ய வாரக்கணக்கில் ஆகிற பொருளுக்குப் பாதி சரி. அதிலும் ஒரு விலக்கு உண்டு. பத்தமடையில் கல்யாணப் பாயில் மாப்பிள்ளை, பெண் பெயரை நெய்து தருவார்கள். அந்தப் பெயர் விழுந்த பாயை வேறு யார் வாங்குவார்? நானாக இருந்தால் பெயர் நெய்யத் தொடங்கும் முன் முழுப்பணமும் கேட்பேன்.

முன்பணம் கேட்டால் புதியவர்கள் தயங்குவார்கள், நியாயம்தான். முகம் தெரியாத பக்கத்துக்கு யார் முந்நூறு ரூபாய் போடுவார்? நான் செய்தது, உணவுப் பாதுகாப்புப் பதிவு எண்ணைப் பக்கத்தின் அறிமுகத்திலேயே போட்டேன். வீட்டில் செய்து விற்றாலும் அந்தப் பதிவு வேண்டும், லேபிளிலும் வர வேண்டும். சனிக்கிழமை வேலை நடக்கும்போது எடுத்த படங்களை, பணம் போட்டவர்களுக்குத் தனியாக அனுப்புகிறேன். இன்னொன்று, லேபிளில் தயாரித்த தேதியோடு எத்தனையாவது சுற்று என்ற எண்ணும் இருக்கும். பூஞ்சைக் கதை மறுபடி நடந்தால் அதே சுற்றில் வாங்கிய மற்றவர்கள் எல்லாரும் யார் என்று நோட்டில் இருக்கிறது. அவர்கள் சொல்லும்வரை காத்திருக்காமல் நானே கேட்கலாம்.

பதினேழு நிறையாவிட்டால்? நடக்கும், குறிப்பாக மாதக் கடைசியில். ஒரு தடவை புதன் ஒன்பது மணிக்குப் பதினொன்றுதான் ஆகியிருந்தது. மூன்று கிலோ பயறுக்கு மட்டும் வறுத்தோம், பதின்மூன்று பாக்கெட் வந்தது. கூலி குறையவில்லை, ஏனென்றால் வரச் சொன்ன இரண்டு பேரில் ஒருத்தியை வர வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இருந்தும் 310 ரூபாய் மிஞ்சியது. ஆடி மாதத்தில் விற்றதும் இதே பதினொன்றுதான் என்பதைக் கவனியுங்கள். அன்று 540 நஷ்டம், இன்று 310 லாபம். அன்றும் இன்றும் விற்றது ஒன்று, வறுத்தது வேறு.

இந்த வழியின் குறை, கிடைக்காமல் போகிறவர்கள். வேலைக்குப் போகிறவர் மத்தியானம் போன் பார்க்க முடியாது, அதற்குள் நிறைந்துவிடும். இரண்டு மூன்று தடவை ஏமாந்தால் அவர் திரும்பிப் பார்க்க மாட்டார். அதனால் பதிவை எப்போதும் ஞாயிறு ராத்திரி எட்டு மணிக்குப் போடுகிறேன், போடப்போவதை முதல் நாளே ஸ்டோரியில் சொல்கிறேன். கிடைக்காதவர் பெயரை நோட்டின் பின்பக்கத்தில் எழுதி, அடுத்த சுற்றில் பதிவு போடும் முன் அவர்களுக்குச் செய்தி போகும். அந்தப் பின்பக்கம் இன்னொன்றுக்கும் உதவுகிறது. அதில் தொடர்ந்து மூன்று சுற்று எட்டு ஒன்பது பேர் சேர்ந்தால்தான் இன்னொரு சனிக்கிழமையைச் சேர்ப்பது என்று வைத்திருக்கிறேன். ஒரே நாளில் பதினெட்டை இருபத்தைந்தாக்குவது கிடையாது, உருட்டுகிற கை அதேதானே. சிலர் நிறைந்துபோகாமலே "நிறைந்துவிட்டது" என்று போட்டு ஆசை காட்டுகிறார்கள். நம்ம ஊரில் அது ரொம்ப நாள் ஓடாது. வாங்கின இரண்டு பேர் ஒரு கோயில் கொடையில் சந்தித்தால் தெரிந்துவிடும்.

முன்பணம் வாங்கிய பிறகு நம்மால் செய்ய முடியாமல் போவதும் உண்டு. போன மாசியில் ஒரு வெள்ளிக்கிழமை பங்காளி வீட்டில் ஒரு சாவு. பயறு வறுத்து உடைத்தாயிற்று. தீட்டு வீட்டில் பலகாரச் சட்டி வைக்கிற பேச்சே இல்லை. பதினேழு பேருக்கும் அன்று ராத்திரியே எழுதினேன்: மூன்று வாரம் கழித்து அனுப்பட்டுமா, பணத்தைத் திருப்பட்டுமா? மூன்று பேர் பணம் கேட்டார்கள், பத்து நிமிஷத்தில் திருப்பிவிட்டேன். அப்படித் திருப்ப முடிந்ததற்குக் காரணம், முன்பணம் விழுகிற கணக்கிலிருந்து சாமான் வாங்குவதற்கான தொகையை மட்டுமே புதன் ராத்திரி எடுப்பேன். மிச்சம் பெட்டி கூரியரில் ஏறிய பிறகுதான் என் காசு. வறுத்த பயறு வீணாகவில்லை, பதினாறாம் நாளுக்குப் பிறகு வீட்டுக்கு உருண்டையாகப் போயிற்று. அந்த நஷ்டம் என்னுடையது.

தீபாவளிக்கு மட்டும் இரண்டாவது வழியையும் மூன்றாவது வழியையும் கலக்கிறோம். 2025-இல் தீபாவளி அக்டோபர் 20, திங்கட்கிழமை. அளவில்லாமல் ஆர்டர் எடுக்காமல், மூன்று சுற்றாகப் பிரித்து, சுற்றுக்குப் பதினேழு என்று ஐம்பத்தொரு பாக்கெட். பிரித்தது நாளை வைத்து அல்ல, தூரத்தை வைத்து. வெளிமாநிலத்துக்கு 11-ஆம் தேதி செய்து 13-இல் அனுப்பினோம். தமிழ்நாட்டுக்குள் போவதை 13-இல் செய்து மறுநாள் சாயங்காலம் கூரியரில் போட்டோம். அம்பாசமுத்திரம், பாபநாசம், திருநெல்வேலிக்காரர்களுக்கு 16-இல் செய்து, சனிக்கிழமை வீட்டிலேயே வந்து வாங்கச் சொன்னோம். எல்லாச் சுற்றுக்கும் ஆர்டர் அக்டோபர் 4-ஆம் தேதியோடு முடிந்தது. அப்படியும் 9-ஆம் தேதி ஒரு சித்தி போன் பண்ணி, "நமக்குள்ள என்னம்மா நம்பர், ஒரு ரெண்டு எடுத்து வை" என்றாள். அந்தப் பதினெட்டாவது பாக்கெட் மூன்றில் இரண்டு அவளுக்குப் போயிற்று. பணம் பொங்கலுக்குத்தான் வந்தது.